ஊறப்போடுவதற்கு முன்

(புதுக்கோட்டை மாவட்ட நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள், அறிவியல் தன்னார்வலர்கள் முன் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பழைய தாளை ஊறவைத்து, அரைத்து, புதுத் தாள் செய்யும் செயல்பாட்டை உங்களில் பலர் வகுப்பில் செய்திருப்பீர்கள். 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கியபின் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளோடு கையால் செய்து பார்க்கும் வேலைகள் கூடியிருக்கின்றன. நான் கேட்க வந்தது ஒரே கேள்விதான். பிள்ளைகள் செய்த அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறது? பெரும்பாலான பள்ளிகளில் அது சாம்பல் நிறத்தில், தடித்து, ஓரம் சுருண்டு, கண்காட்சி மேசையில் இரண்டு நாள் இருந்துவிட்டுக் குப்பைக்கூடைக்கே போயிருக்கும். யாரும் அதில் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள். எழுதினால் மை பரவியிருக்கும். அப்படியானால் அந்தக் காகிதத்தை நாம் இரண்டு முறை குப்பையில் போட்டிருக்கிறோம், நடுவில் ஒரு வாளித் தண்ணீரையும் செலவழித்து.

எழுதத்தக்க தாளைப் பிள்ளைகளால் செய்ய முடியும். எப்படி என்பதை இன்று சொல்கிறேன். எந்தக் காகிதத்தை ஊறப்போடவே கூடாது என்ற பேச்சை மட்டும் அதற்கு முன்னால் பிள்ளைகளோடு முடித்துவிட வேண்டும்.

வகுப்பின் குப்பைக்கூடையைச் சிமெண்டுத் தரையில் கொட்டிப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். எதையும் கிழிக்க விடாதீர்கள். தாள்களை அவர்களே பிரிக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதியது, பாதியோடு நிறுத்தியது, நோட்டின் கடைசியில் எழுதாமலே நின்றது எல்லாம் ஒரு குவியல். எழுத இடம் இல்லாவிட்டாலும் வலுவாக இருக்கும் காலண்டர் தாள், பார்சல் சுற்றிவந்த காக்கித்தாள் இன்னொரு குவியல். கிழிசல், துணுக்கு, கசங்கி நைந்தது, இருபக்கமும் எழுதித் தீர்ந்தது மூன்றாவது. கூழுக்குப் போகவேண்டியது இந்த மூன்றாவது மட்டுமே. முதல் குவியலை ஊசி நூலால் தைத்தால் ரஃப் நோட்டு. இரண்டாவது, அட்டை போடவும் கவர் ஒட்டவும் ஆகும்.

இது சும்மா சொல்லும் அறிவுரையாகப் பிள்ளைகளுக்குப் படக்கூடாது. கணக்காக வரவேண்டும். கணக்கு இதுதான். ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறக்குறைய நாலரை கிராம். 100 கிராம் என்றால் 22, 23 தாள். இதை அரைத்து, 20 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சட்டத்தில் வார்த்தால், பழகாத கைகளுக்குப் 15, 16 தாள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏ4 தாளில் பாதிதான். ஆக, 23 தாள் கொடுத்து 8 தாளுக்குரிய பரப்பைத் திரும்ப வாங்குகிறோம். கையால் வார்ப்பது ஆலைத்தாளைவிடத் தடிமனாகத்தான் வரும். பொடிந்த நாரும் தாளில் கலந்திருக்கும் சுண்ணாம்புத் தூளும் வலை வழியே ஓடிவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தப் பரப்பளவுக் கணக்கு சிரமமே இல்லை. 23 தாளிலும் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அப்படியே திருப்பி எழுதியிருக்கலாமே என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அதைச் சொல்லும்வரை காத்திருங்கள். நாம் சொல்லிவிட்டால் அந்தக் கணக்கு நம்முடையதாகிவிடும்.

நான்காவதாக ஒரு குவியல் உண்டு. அது காகிதம் போலவே இருக்கும், கூழுக்கு ஆகாது. டீக்கடைப் பேப்பர் கப் ஒன்றைக் கிழித்துத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் காகிதம் நைந்து உரிந்து வரும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் முழுசாக நிற்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் ஏன் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் அந்தப் படலத்தைக் கையில் பிடித்தே புரிந்துகொள்வார்கள். பளபளக்கும் ஸ்வீட் பெட்டியும் இப்படித்தான். மிஷினில் வரும் பில், ஏ.டி.எம். சீட்டு இவற்றை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது சூட்டில் அச்சாகும் தாள். அதில் பூசிய வேதிப்பொருள் பிள்ளைகள் கையளையும் கூழில் கலக்கக் கூடாது. ஸ்டேப்ளர் பின்னை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இனி, தாள் என்றால் என்ன? இது தெரியாமல் செய்தால் வேலை வெறும் சமையல் குறிப்பாகிவிடும். இதற்கு ஒரு சோதனை. ஒரே தாளிலிருந்து, ஒரே திசையில், இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இன்னொன்றைத் தண்ணீரிலும் மூன்றாவதைக் கடலை எண்ணெயிலும் கால் மணி நேரம் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் கிளிப் மாட்டி, ஒரு பையைத் தொங்கவிட்டு, சிறுகல்லாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். தண்ணீரில் ஊறியது சில கல்லிலேயே அறுந்துவிடும். எண்ணெயில் ஊறியது ஏறக்குறைய உலர்ந்த பட்டை அளவுக்குத் தாங்கும். வடை மடித்த தாள் எண்ணெயில் நனைந்தும் கிழிவதில்லை, மழையில் நனைந்த நோட்டு மட்டும் கையோடு வந்துவிடுகிறது என்பதைப் பிள்ளைகள் முன்பே பார்த்திருக்கிறார்கள். காரணம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

காரணம் இது. தாளில் நாரை நாரோடு முதன்மையாகப் பிடித்து வைத்திருப்பது பசை அல்ல. மரத்திலிருந்தோ கரும்புச் சக்கையிலிருந்தோ வந்த செல்லுலோஸ் நார்கள் ஈரத்தில் நெருங்கிக் கிடந்து, தண்ணீர் போகப்போக ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடிப்புக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். மறுபடி தண்ணீர் நுழைந்தால் பிடி விட்டுப்போகும். எண்ணெய்க்கு அந்தப் பிடியைப் பிரிக்கும் குணம் இல்லை. பழைய தாளைத் தண்ணீரால் கூழாக்க முடிவது இதனால்தான். அதே கூழ் உலர்ந்ததும் பசை இல்லாமலே தாளாவதும் இதனால்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் செய்முறையின் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாக விளங்கும்.

கூழுக்கு வருவோம். 100 கிராம் துணுக்கைக் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிழித்து இரண்டு லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். கத்தரியால் வெட்டாதீர்கள். வெட்டினால் நாரும் துண்டுபடும், கிழித்தால் நார் பிரிந்து வரும். மறுநாள் ஒரு கைப்பிடி கூழுக்கு முக்கால் ஜாடி தண்ணீர் விட்டு மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். மொத்தம் அரை நிமிடம் போதும். நேரம் கூடினால் நார் பொடிந்து தாள் மொறுமொறுவென்று உடையும். மிக்சி இல்லாத பள்ளியில் உரலில் இடிப்பது இன்னும் நல்லது. இடித்தால் நார் வெட்டுப்படாமல் நசுங்கி, ஓரங்களில் பிசிறு விட்டு, ஒன்றையொன்று நன்றாகப் பற்றும். பதம் தெரிய ஒரு ஸ்பூன் கூழைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மேகம் போல ஒரே சீராக இருந்தால் சரி. எழுத்துள்ள சிறு துண்டுகள் மிதந்தால் இன்னும் இடிக்க வேண்டும்.

சட்டத்துக்குக் கடையில் போய் எதையும் வாங்க வேண்டாம். உடைந்த சிலேட்டுகளின் மரச்சட்டம் இரண்டு, ஒரே அளவில் இருந்தால் போதும். ஒன்றின் மேல் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையை முரசுத்தோல் அளவுக்கு இழுத்து ஆணி அடியுங்கள். வலை தொய்ந்திருந்தால் கூழ் நடுவில் தேங்கும், தாள் நடுவில் தடித்து ஓரத்தில் கிழியும். இன்னொரு சட்டத்தை வெறுமையாக அதன்மேல் வைக்க வேண்டும். தாளின் ஓரத்தை நேராக்குவது அந்த மேல்சட்டம்.

கூழில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் மீதிக் கூழும் தண்ணீரும் சேர்ந்து பத்து லிட்டர் இருக்கட்டும். அதாவது நூற்றுக்கு ஒரு பங்குகூட நார் இருக்காது. பார்க்க வெறும் கலங்கல் தண்ணீராகத்தான் இருக்கும். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், இன்னும் கூழ் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். கூழ் கெட்டியாக இருப்பதுதான் தாள் அட்டையாகிப் போவதற்கு முதல் காரணம். கையால் அடிவரை கலக்கிவிட்டு, இரண்டு சட்டத்தையும் சேர்த்துப் பிடித்து, செங்குத்தாக இறக்கி, தண்ணீருக்குள் படுக்கவைத்து, மட்டமாகத் தூக்க வேண்டும். தூக்கிய அந்த ஐந்தாறு நொடிதான் முக்கியம். தண்ணீர் வடிந்து முடிவதற்குள் சட்டத்தை முன்னும் பின்னும், இடமும் வலமும் மெதுவாக ஆட்டவேண்டும். அப்போதுதான் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படியும். வடிந்தபின் ஆட்டினால் தாள் விரிசல் விடும். மூன்று தாள் எடுத்ததும் தொட்டியில் நார் குறைந்துவிடும். தனியே வைத்திருக்கும் கூழிலிருந்து ஒரு குவளை சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு, கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு ஓட்டைத் தாள் வந்து, அது முகம் வாடுவதைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் கையில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்து மேல்சட்டத்தை எடுத்துவிட்டு, நனைத்த பழைய வேட்டித் துண்டின்மேல் வலையைக் கவிழ்க்க வேண்டும். வலையின் முதுகில் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் தண்ணீரை உறிஞ்சி, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கினால் தாள் துணியிலேயே நிற்கும். வலையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் போதுமான அளவு ஒற்றவில்லை என்று பொருள். தாளும் துணியும் மாறிமாறி அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே இரண்டு பிள்ளைகளை ஏறி நிற்கச் சொல்லுங்கள். நார்கள் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு வலு. அழுத்தாமல் உலர்த்திய தாள் பஞ்சுபோல உப்பி நிற்கும்.

உலர்த்துவதில் நம் ஊர் வெயில் நமக்கு எதிரி. நேர்வெயிலில் ஓரம் முதலில் காயும், நடு பிறகு காயும், தாள் சுருளும். துணியோடு சேர்த்து வழவழப்பான சுவரிலோ எவர்சில்வர் தட்டின் முதுகிலோ தாள்பக்கம் ஒட்டும்படி அழுத்திவிட்டு, துணியை மட்டும் உரித்தெடுத்து, நிழலில் விடுங்கள். உலரும்போது சுருங்க விடாமல் சுவர் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் தானே ஓரம் விடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் இந்தத் தாளில் பேனாவால் எழுத முடியாது. மை ஊறிப் பரவும். ஆலையில் தாளுக்கு மை ஊறாதிருக்கச் சேர்க்கும் பொருளின் பெரும்பகுதி நம் கையில் வரும்போது வீணாகியிருக்கும். இதற்கு நம் நாட்டுக் கைக்காகிதக்காரர்கள் பல நூற்றாண்டாகச் செய்தது, மாவுக்கஞ்சி பூசிக் காயவைத்து, வழவழப்பான கல்லால் தேய்ப்பது. நாம் சோறு வடித்த கஞ்சியைப் பாலளவுக்கு நீர்க்க வைத்து, வடிகட்டி, காய்ந்த தாளின்மேல் மென்மையான தூரிகையால் இருபுறமும் பூசலாம். மீண்டும் காய்ந்ததும் எவர்சில்வர் டம்ளரின் அடியால் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பு மினுக்கும். பால்பாயிண்ட் பேனா தாராளமாக ஓடும். மைப்பேனாவும் கஞ்சி போதுமானதாக இருந்தால் ஓடும். பெரும்பாலான வகுப்புகளில் விட்டுப்போகும் படி இதுதான். எழுத முடிந்த தாளைப் பிள்ளை தூக்கிப் போடாது, இதை உறுதியாகச் சொல்வேன்.

ஒரு வகுப்பில் கஞ்சி பற்றிப் பேசும்போது ஒரு பெண்பிள்ளை எழுந்து, "எங்க அப்பத்தா பேப்பர ஊறவச்சு, வெந்தயம் போட்டு ஆட்டி, மொறத்துல பூசுவாங்க சார்" என்று சொன்னாள். எனக்கு அன்று பாடம் வேறு திசைக்குப் போயிற்று. நம் ஊர்களில் ஓலை முறத்தின் இடுக்கு அடைக்கவும், பழைய பானையைக் கவிழ்த்துப் பூசிக் காகிதக்கூடை செய்யவும் பெண்கள் காலகாலமாக இப்படிச் செய்துவந்திருக்கிறார்கள். வெந்தயம் வாசனைக்கல்ல. ஊறினால் வரும் அந்தக் கொழகொழப்பு கேலக்டோமேன்னன் என்ற மாச்சத்து. அதே வகைப் பொருள்தான் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையில் இருக்கிறது. காகித ஆலைகள் தாளுக்கு வலு கூட்ட அந்தக் குவார் பசையைச் சேர்ப்பதுண்டு. நாரோடு ஒட்டிக்கொண்டு நாருக்கும் நாருக்கும் இடையில் பிடிப்பைக் கூட்டுவதே இரண்டின் வேலையும். அப்பத்தா செய்ததும் ஆலை செய்வதும் ஒரே வேதியியல் என்பதைப் பிள்ளைகள் முன் சொல்லுங்கள், முடிந்தால் அப்பத்தாவையே வகுப்புக்கு அழைத்து வாருங்கள். மறுபயன்பாடு என்பது நாம் சொல்லிக்கொடுக்க வந்த புதுச்சரக்கு அல்ல என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். எழுத்துத்தாளுக்கு வெந்தயம் வேண்டாம், மஞ்சள் ஏறும். வலையில் மிஞ்சும் கட்டிக்கூழில் வெந்தயம் அரைத்துப்போட்டுக் கிண்ணம் செய்யச் சொல்லுங்கள்.

இனித் தண்ணீர். வேலை முடிந்ததும் தொட்டியில் மிஞ்சியதைப் பிள்ளைகளே அளக்கட்டும். சிந்தாமல் செய்திருந்தால் பத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். துணியில் வடிகட்டினால் கொஞ்சம் நாரும் திரும்பக் கிடைக்கும். அந்தத் தண்ணீரையே அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஆலைகளும் வலைக்குக் கீழே வடியும் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகின்றன. ஆனால் கூழையும் தண்ணீரையும் இரண்டு நாளுக்குமேல் வைக்காதீர்கள், நம் வெக்கையில் நாற்றமெடுக்கும். மிஞ்சிய கூழைப் பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் உலர்த்திவிட்டால் அடுத்த பருவத்துக்கும் ஆகும்.

"ஒரு தாளைச் சேமித்தால் ஒரு மரத்தைக் காக்கலாம்" என்று சுவரில் எழுதுகிறோமே, அதை இந்த மாவட்டத்துப் பிள்ளையிடம் நான் சொல்வதில்லை. அந்தப் பிள்ளை தினமும் தைலமரக் காட்டைக் கடந்து பள்ளிக்கு வருகிறது. வெட்டிய தைலமரம் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பதை அது பார்த்திருக்கிறது. வெட்டும் கூலி வீட்டுக்கு வருவதும் அதற்குத் தெரியும். 1974-இல் அமைந்த தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இந்த மாவட்டத்தில் வளர்க்கும் தைலமரம் காகிதக் கூழுக்குப் போகிறது. விராலிமலைக்கு அந்தப் பக்கம் மணப்பாறை வட்டம் மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் அட்டை ஆலை இருக்கிறது. அதே நிறுவனத்தின் முதல் ஆலை கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில். கரும்புச் சக்கையை முதன்மையாக வைத்து 1980-களில் தொடங்கியது. காகிதம் நமக்கு எங்கோ இருக்கும் பொருளல்ல.

எனவே மரம் போகிறதே என்று பேசுவதைவிட, நிலமும் தண்ணீரும் எதற்கு ஒதுக்கப்படுகின்றன என்று பேசுவதுதான் இங்கே உண்மையான பேச்சு. தைலமரத் தோட்டங்களில் வெட்டிய வரப்பும் குழியும் மழைத்தண்ணீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் தடுக்கின்றன என்று இந்த மாவட்ட விவசாயிகள் நீண்ட நாளாகச் சொல்லி வருகிறார்கள். பிள்ளைகள் வீட்டில் கேட்டுவரட்டும். ஒரு வீட்டில் கண்மாய் பற்றிப் பேசுவார்கள், இன்னொரு வீட்டில் கூலி பற்றிப் பேசுவார்கள். இரண்டையும் வகுப்பில் பேச விடுங்கள். தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். பிறகு ஒரு விவரம் சேர்க்கலாம். ரசாயன முறையில் மரத்தைக் கூழாக்கினால் உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதிதான் நாராகக் கிடைக்கும். அப்படியானால் குப்பைக்கூடையில் கிடக்கும் 100 கிராம் தாளுக்குப் பின்னால் அதைவிடக் கூடுதலான மரமும், அது குடித்த தண்ணீரும் இருக்கின்றன. முதல் குவியலைத் தைத்து நோட்டாக்கியது ஏன் என்று அப்போது யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

கடைசியாக எட்டாம் வகுப்புக்கு ஒரு சோதனை. "செஞ்ச தாளையே மறுபடி அரைச்சா என்ன ஆகும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். அரைத்துப் பாருங்கள். தாளை முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்று பென்சிலால் குறித்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அகலப் பட்டை வெட்டி, முன்பு செய்ததுபோலக் கல் தொங்கவிட்டு அளவு எழுதுங்கள். ஒவ்வொரு முறை உலரும்போதும் நார் விறைக்கிறது, அடுத்த முறை தண்ணீரில் முன்போல உப்பிப் பற்றுவதில்லை. மிக்சியில் சுற்றும்போதெல்லாம் நீளமும் குறைகிறது. தைலமர நார் முதலிலேயே ஒரு மில்லிமீட்டரை எட்டாத குட்டை நார்தான். இரண்டு எச்சரிக்கை மட்டும். பட்டைகளை எடைபோட்டு, ஒத்த எடையுள்ளவற்றையே ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் தடித்த பட்டை வென்றுவிடும். கஞ்சி பூசிய தாளோடு பூசாத தாளை ஒப்பிடாதீர்கள். முதல் முறை போகாமல் மிஞ்சிய சுண்ணாம்புத் தூளும் கழுவிப்போவதால் இரண்டாம் தலைமுறை சில சமயம் வலுத்தும் வரலாம். வந்தால் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். தொட்டிக்கு அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதை ஒரு ஸ்பூன் எடுத்து, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டு, நுரைக்கிறதா என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும். நுரைத்தால் அது சுண்ணாம்பு. நுரைக்காவிட்டால் அந்த ஆலை வேறு தூளைச் சேர்த்திருக்கிறது. எந்த நோட்டில் எது என்று பட்டியல் போடுவது அடுத்த வாரத்து வேலை.